சொல்லால் வரையும் படம்

நுழையும்முன்

கடிதங்கள் பல வகை. விண்ணப்பம், புகார், வாழ்த்து ஆகியவற்றை முந்தைய வகுப்புகளில் பயின்றோம். கண்ணால் காணவேண்டிய ஒன்றைச் சொல்லால் மட்டுமே விளக்கி, அதை வரையப்போகும் ஒருவருக்கு அனுப்பும் கடிதத்தை இப்பாடத்தில் காண்போம்.

செங்கல்பட்டில் உள்ள ஒரு கல்லூரியின் கணினி மன்றம் தொழில்நுட்ப விழா நடத்துவதாகக் கொள்வோம். அதற்கு ஒரு சுவரொட்டி வேண்டும். அக்கல்லூரியில் பயின்று, இப்போது சென்னையில் பணிபுரியும் ஒரு வடிவமைப்பாளர் ஊதியமின்றி வரைந்து தர ஒப்புக்கொள்கிறார். மன்றச் செயலரான மாணவி அவருக்கு இவ்வாறு எழுதுகிறார்: "நம் மண்ணின் பெருமையும் நவீனத் தொழில்நுட்பமும் கைகோத்து நிற்பதாகப் படம் அமைய வேண்டும். மாமல்லபுரத்து இரதம் இடம்பெறட்டும். பார்த்தவுடன் மனத்தை அள்ள வேண்டும்."

மூன்று இரவுகள் விழித்து வடிவமைப்பாளர் ஒரு படம் அனுப்புகிறார். அழகிய படம்தான். ஆனால் அதில் உள்ள கல்தேருக்குச் சக்கரங்கள் உள்ளன. மாமல்லபுரத்தின் ஐந்து இரதங்கள் ஒற்றைப் பாறைகளைக் குடைந்து செதுக்கியவை. அவற்றுக்குச் சக்கரம் கிடையாது. சக்கரத்தோடு நிற்கும் புகழ்பெற்ற கல்தேர் கர்நாடகத்து ஹம்பியில் உள்ளது. ஐம்பது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அதைக் காணலாம். தேரின் பின்னே கடலும், கடலில் மறையும் சூரியனும் வரையப்பட்டுள்ளன. மாமல்லபுரத்துக்குக் கிழக்கே வங்கக்கடல். அங்குக் கடலிலிருந்து சூரியன் எழுமே அன்றி, கடலில் விழாது.

பிழை யாருடையது? வரைந்தவர் பிழையைவிட எழுதியவர் பிழையே பெரிது. 'பெருமை', 'நவீனம்', 'மனத்தை அள்ள' என்னும் சொற்களைத் தூரிகையால் தொட இயலாது. 'இரதம்' என்பது மட்டுமே வரையத்தக்க சொல்; அதுவும் ஈரிடத்துக்குப் பொருந்தும் சொல்லாகிவிட்டது. உணர்ச்சியைக் கூறும் சொல்லைக் காட்டிலும் உருவத்தைக் கூறும் சொல்லே இங்குப் பயன்படும். 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடின் சின்னமான 'தம்பி'யை நினைவுகூர்க. வேட்டி சட்டை அணிந்து, கைகூப்பி வணங்கும் குதிரை. ஒரு தொடரில் கூறிவிடலாம். கேட்டவர் கண்ணில் உடனே தோன்றும். சதுரங்கத்தின் குதிரைக்காயும் தமிழரின் உடையும் வணக்கமும் அதில் அடங்கிவிட்டன. 'பெருமை' என்று சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை.

செயலர் மறுபடியும் எழுதுகிறார். இம்முறை எழுதுமுன் ஒரு காலைப்பொழுது மாமல்லபுரம் சென்று, கடற்கரைக் கோயிலைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு எழுதுகிறார்.

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் படம் கிடைத்தது. நான் தெளிவாக எழுதாததால் தங்கள் உழைப்பு வீணானது, பொறுத்தருள வேண்டுகிறேன். எங்களுக்கு வேண்டிய படத்தை இப்போது விரிவாக எழுதுகிறேன்.

இரதம் வேண்டாம், கடற்கரைக் கோயில் வேண்டும். கோயிலுக்குத் தெற்கே நின்று வடக்கு நோக்கிப் பார்ப்பதாக வரையுங்கள். அப்போது பெரிய விமானம் வலப்பக்கமும் சிறிய விமானம் இடப்பக்கமும் தெரியும். பெரியதற்கும் வலப்பக்கம் கடல். நேரம், சூரியன் எழுந்து சற்றே ஆன காலை. சூரியன் படத்துக்குள் வரவேண்டாம். விமானங்களின் வலவிளிம்பில் பொன்னிற ஒளி விழுந்தால் போதும். நிழல்கள் இடப்பக்கம் நீளட்டும்.

முன்னே மணல். மணலில், இடப்பக்கக் கீழ்மூலைக்கு அருகில், முழங்கால் உயரமே உள்ள ஒரு சிறு சக்கர ரோபோ நின்று கோயிலை அண்ணாந்து பார்க்கிறது. அதன் பின்னே இரண்டு சக்கரத் தடங்கள் படத்தின் கீழ்விளிம்பு வரை செல்கின்றன. மனிதர் எவரும் வேண்டாம். கோயிலின் மேல் மின்சுற்றுக் கோடுகளோ ஒளிரும் எழுத்துகளோ வரைய வேண்டாம். கோயில் உள்ளபடியே இருக்கட்டும்.

சிறிய விமானத்துக்கு மேலே, இடப்பக்க வானம் வெறுமையாக இருக்க வேண்டும். விழாவின் பெயர் அங்கு வரும். நாளும் இடமும் கீழ்விளிம்பில் வலப்பக்கம் ஒரே வரியில் வரும். அவற்றைத் தட்டச்சு செய்து தனியே இணைத்துள்ளேன்.

அளவு ஏ3, நெடுக்குவாக்கில். அச்சுக்கு 3508 × 4961 படப்புள்ளிகள் தேவை என்று அச்சகத்தார் கூறினர். முதலில் பென்சில் கோட்டுப்படம் மட்டும் அனுப்பினால் போதும். பார்த்து அன்றே மறுமொழி எழுதுவேன். அதன்பின் ஒருமுறைக்கு மேல் திருத்தம் கேட்க மாட்டோம். வண்ணங்களும் ரோபோவின் உருவமும் தங்கள் விருப்பம். தங்கள் பெயரைப் படத்தின் கீழ்மூலையில் இட எங்களுக்கு இசைவு தாருங்கள்.

அன்புடன்,
செயலர், கணினி மன்றம்

இக்கடிதத்தில் புகழ்ச்சொல் ஒன்றும் இல்லை. எங்கே நின்று பார்ப்பது என்பது முதலில் வருகிறது. பார்க்கும் இடம் உறுதியானதும் மற்றவை தாமே இடம்பெறுகின்றன. கடற்கரைக் கோயிலின் பெரிய விமானம் கிழக்கு நோக்கியது, சிறியது மேற்கு நோக்கியது. இரண்டும் கிழக்கு மேற்காக அமைந்தவை. வடக்கே நின்று பார்த்தால் இடவலம் முழுவதும் மாறிவிடும். விழாப் பெயருக்கென ஒதுக்கிய வானத்தில் பெரிய விமானத்தின் கலசம் வந்து நிற்கும்.

வேண்டாதவற்றை எழுதியிருப்பதும் நோக்கத்தக்கது. தொழில்நுட்பம் என்றதும் நீல ஒளிக்கோடுகளை வரைவது வடிவமைப்பாளர் பலரின் பழக்கம். அதை முன்னரே விலக்காவிட்டால், வரைந்த பிறகு நீக்கச் சொல்ல நேரும். ஊதியம் பெறாதவரிடம் அவ்வாறு கேட்பது கடினம். அதே வேளையில் எல்லாவற்றையும் செயலர் தாமே முடிவுசெய்துவிடவில்லை. வண்ணமும் ரோபோவும் வரைபவர் கையில் விடப்பட்டன. அவையும் வரையறுக்கப்பட்டிருந்தால் வடிவமைப்பாளர் வெறும் எழுதுகோலாகிவிடுவார்.

எழுத்துகளைப் படத்தோடு சேர்த்து விளக்காமல், தட்டச்சு செய்து தனியே அனுப்பியதற்கும் காரணம் உண்டு. கைப்பட எழுதியதைப் பார்த்துத் தட்டச்சு செய்கையில் பெயர்களில் பிழை நேரும். ஆயினும் தட்டச்சு செய்த தமிழும் சில வடிவமைப்பு மென்பொருள்களில் உருக்குலையும். ஒருங்குறியில் 'செ' என்பது முதலில் சகரம், அடுத்து ஒற்றைக்கொம்பு என்னும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் பணி. அதைச் செய்ய அறியாத மென்பொருளில் கொம்பு சகரத்துக்குப் பின்னே போய் நிற்கும். 'செங்கல்பட்டு' என்னும் பெயரே இதற்கு நல்ல சோதனை. அச்சுக்குப் போகுமுன் அப்பெயரின் முதலெழுத்தைப் பார்த்தால் போதும். கொம்பு முன்னே உள்ளதா, பின்னே உள்ளதா என்பது தெரிந்துவிடும்.

இரண்டு நாள்களில் கோட்டுப்படம் வருகிறது. விமானங்கள் சரியான பக்கத்தில் நிற்கின்றன. ரோபோ மட்டும் சிறிய விமானத்தில் பாதியளவு பெரிதாக உள்ளது. செயலர் தம் கடிதத்தை மீண்டும் எடுத்துப் பார்க்கிறார். 'முழங்கால் உயரம்' என்று எழுதியிருக்கிறார். ஆனால் யாருடைய முழங்கால் என்று ஒப்பிட்டு அறியப் படத்தில் மனிதர் எவரும் இல்லை. 'ரோபோ, சிறிய விமானத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்காகத் தெரியட்டும்' என்று மறுமொழி எழுதுகிறார்.