பிட்டார், கொடுத்துக்கொண்டே இருந்தார்

கேள்வி: ஐயா, நான் கொல்கத்தாவில் இறையியல் படிக்கிறேன். கிரேக்கம் எடுத்திருக்கிறேன். இங்குள்ள தமிழ்ச் சபையில் மாற்கு நற்செய்தியைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டு, எளிய தமிழில் வாசித்து விளக்கும் பொறுப்பு எனக்கு. கிரேக்கத்தில் அயோரிஸ்ட், இம்பெர்ஃபெக்ட் என்று இரண்டு இறந்தகாலங்கள் மாறிமாறி வருகின்றன. முன்னது ஒரே தடவை நடந்து முடிந்தது, பின்னது திரும்பத் திரும்ப நடந்தது என்று ஒரு குறிப்பில் படித்தேன். அதை நம்பி இம்பெர்ஃபெக்ட் வந்த இடமெல்லாம் ‘கொண்டிருந்தார்’ போட்டேன். வாசிக்கும்போது இழுவையாக இருக்கிறது. உடன் படிக்கும் வங்காளி நண்பர்களோ, தங்களுக்கு ‘திலேன்’, ‘திச்சிலேன்’, ‘திதேன்’ என்று மூன்று இறந்தகாலம் உண்டு, சிக்கலே இல்லை என்கிறார்கள். தமிழில் இதை எப்படிக் காட்டுவது? மாற்கு 15 வரையுள்ள என் வரைவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த மூன்றும் நம்மிடமும் இருக்கின்றன. ‘திலேன்’ என்றால் கொடுத்தார். ‘திச்சிலேன்’ என்றால் கொடுத்துக்கொண்டிருந்தார். ‘திதேன்’ என்பது வழக்கமாகக் கொடுப்பதைச் சொல்வது. அதற்கு நாம் எதிர்கால வடிவத்தையே பயன்படுத்துகிறோம்: “தாத்தா இருந்தவரை பொங்கலுக்குப் பொங்கல் எல்லாருக்கும் வேட்டி கொடுப்பார்.” ஆகவே குறை தமிழில் இல்லை. கிரேக்கத்தின் ஒரே இம்பெர்ஃபெக்ட் இத்தனை வேலையையும் செய்வதால், அது ஓரிடத்தில் எந்த வேலையைச் செய்கிறது என்று பார்க்காமல் ஒரே தமிழ் வடிவத்தைப் பொருத்துவதில்தான் சிக்கல்.

முதலில் அந்தக் குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். அயோரிஸ்ட் ‘ஒரே தடவை’ என்று சொல்வதில்லை. ஒரு செயலை உள்ளே புகுந்து பார்க்காமல், முழுதாக, வெளியிலிருந்து சொல்கிறது, அவ்வளவுதான். யோவான் 2:20இல் ஆலயம் 46 ஆண்டுகள் கட்டப்பட்டதைச் சொல்லும் வினை அயோரிஸ்ட்தான். 46 ஆண்டு வேலையை ஒரு தடவை நடந்த செயல் என்று யாரும் சொல்லமாட்டோம். அயோரிஸ்டுக்கு இல்லாத பாரத்தையெல்லாம் ஏற்றுகிறார்கள் என்று ஃபிராங்க் ஸ்டாக் என்ற புதிய ஏற்பாட்டு அறிஞர் 1972இலேயே ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். ஆனாலும் பிரசங்க மேடைகளில் இந்தத் தவறு இன்றுவரை ஓயவில்லை. இம்பெர்ஃபெக்ட் செயலை நடக்கும் நிலையில் காட்டுகிறது. அது தொடர்ச்சியா, மீள்நிகழ்வா, வழக்கமா, தொடக்கமா, வெறும் முயற்சியா என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும்.

‘கொடு’ என்ற ஒரே வினையை எடுத்துக்கொண்டு மாற்குவுக்குள் நடந்து பார்ப்போம். ‘எதோகென்’ என்றால் அயோரிஸ்ட், ‘எதிதூ’ என்றால் இம்பெர்ஃபெக்ட்.

மாற்கு 6:41. ஐயாயிரம் பேர் உண்ட நிகழ்ச்சி. அப்பங்களை எடுத்ததும் வானத்தை அண்ணாந்து பார்த்ததும் கிரேக்கத்தில் எச்ச வடிவில் வருகின்றன. ஆசீர்வதித்ததும் பிட்டதும் அயோரிஸ்ட் முற்றுவினைகள். அடுத்து சீடர்களிடம் கொடுத்தது மட்டும் திடீரென்று இம்பெர்ஃபெக்ட், எதிதூ. அதுவரை ஒவ்வொரு செயலாக முடித்துக்கொண்டு நகர்ந்த எழுத்தாளர் இங்கே நின்றுவிடுகிறார். கொடுப்பது முடியாமல் நீள்கிறது. அதே வசனத்தின் கடைசியில் இரண்டு மீன்களையும் எல்லாருக்கும் பங்கிட்டது மறுபடி அயோரிஸ்ட். ஐயாயிரம் பேருக்கு மீன் பங்கிடவும் நேரம் பிடித்திருக்கும் அல்லவா? அதனால்தான் சொல்கிறேன், எவ்வளவு நேரம் ஆனது என்பதற்கும் இந்த வடிவத் தேர்வுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எழுத்தாளர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதே கேள்வி. மீனை அவர் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிட்டார்; அப்பத்தின் பக்கத்தில் நின்றார்.

இனி தமிழுக்கு வருவோம். இங்கே நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு; நீங்கள் தடுமாறியதும் இங்கேதான் என்று நினைக்கிறேன். தமிழ் வாக்கியம் வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டு போய் ஒரே முற்றில் முடிகிறது. எடுத்து, பார்த்து, ஆசீர்வதித்து, பிட்டு, கொடுத்தார். நம் வழக்கத்திலுள்ள பழைய மொழிபெயர்ப்பும் அப்படித்தான் ஒரே மூச்சில் முடிக்கிறது. தமிழாக அது அழகு. ஆனால் கிரேக்கத்தில் முற்றாக நின்ற ‘பிட்டார்’ இங்கே எச்சமாகிவிட்டது. இந்த நிலையில் கடைசி வினையை மட்டும் மாற்றி, “பிட்டு, கொடுத்துக்கொண்டிருந்தார்” என்று நீங்கள் எழுதினால், ‘கொண்டிருந்தார்’ தனக்கு முன்னுள்ள எச்சத்தையும் சேர்த்து இழுக்கும். ஒவ்வொரு முறையும் பிட்டார், ஒவ்வொரு முறையும் கொடுத்தார் என்ற பொருள் வந்துவிடும். மாற்கு அப்படிச் சொல்லவில்லை. பிட்டதை முடித்த செயலாகவும் கொடுத்ததை நீளும் செயலாகவும் பிரித்துச் சொல்கிறார்.

ஆகவே இம்பெர்ஃபெக்ட் வரும் இடத்துக்கு முன்னால் வாக்கியத்தை முடித்துவிடுங்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: “அப்பங்களை எடுத்து, வானத்தை அண்ணாந்து பார்த்து, ஆசீர்வதித்து, அவற்றைப் பிட்டார். மக்களுக்குப் பரிமாறும்படி சீடர்களிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். மீன்கள் இரண்டையும் எல்லாருக்கும் பங்கிட்டார்.” ‘கொண்டிருந்தார்’ என்பதைவிட ‘கொண்டே இருந்தார்’ இங்கே பொருந்துகிறது. முன்னது ஒரு பின்னணியை விரித்து, அடுத்து ஏதோ நடக்கப்போகிறது என்று கேட்பவரைக் காத்திருக்க வைக்கும். பின்னது செயல் ஓயவில்லை என்பதை மட்டும் சொல்லும். இன்னும் பேச்சுத்தமிழுக்கு நெருக்கமாக வேண்டுமானால் அடுக்குத்தொடர் இருக்கிறது: “அவர் கொடுக்கக் கொடுக்கச் சீடர்கள் கொண்டுபோய்ப் பரிமாறினார்கள்.” இதில் சீடர்களின் நோக்கமாகச் சொன்னது நடந்த செயலாக மாறிவிடுகிறது, எனவே வாசிப்புக்கு முதல் வடிவத்தையும், விளக்கும்போது இரண்டாவதையும் வைத்துக்கொள்வது நல்லது. ‘பிட்டுவிட்டார்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அயோரிஸ்டைக் காட்ட ‘விடு’ சேர்க்கும் பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. நம் ‘விடு’வில் தீர்ந்தது, மாற்ற முடியாது என்ற அழுத்தம் இருக்கிறது, அயோரிஸ்டில் அது இல்லை.

இங்கே ஓர் எல்லையும் உண்டு. அப்பம் இயேசுவின் கையிலேயே பெருகியது என்பதற்கு இந்த இம்பெர்ஃபெக்டைச் சான்றாகக் காட்டும் விளக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். கொடுப்பது நீண்டது என்பதற்கு மேல் வினைவடிவம் எதுவும் சொல்லவில்லை. அப்பம் எங்கே, எந்தக் கணத்தில் பெருகியது என்று மாற்கு எழுதவில்லை. இலக்கணத்தைக் கொண்டு அதை நிரப்பக்கூடாது. இதே நிகழ்ச்சியை மத்தேயு 14:19 எதோகென் என்று அயோரிஸ்டில் சொல்கிறது. நடந்தது ஒன்றே, பார்வை வேறு. அங்கே ‘கொடுத்தார்’ என்று விட்டுவிடுங்கள். மாற்குவைப் பார்த்து மத்தேயுவைத் திருத்த வேண்டாம். மாற்கு 14:22இல் கடைசி இராவிருந்தின்போதும் எதோகென்தான், அங்கும் ‘பிட்டு, கொடுத்தார்’ போதும். பாலைவெளி விருந்தில் நீண்ட கொடுத்தலும், மேலறையில் ஒரே வீச்சாகச் சொல்லப்பட்ட கொடுத்தலும் உங்கள் சபையார் காதில் வேறுபட்டு ஒலித்தாலே போதுமானது.

லூக்கா 24:30, எம்மாவு ஊர் வீட்டில், அதே வினை ஒரு முன்னொட்டோடு வருகிறது, எபெதிதூ. பந்தியில் இருப்பவர்கள் இரண்டே சீடர்கள். திரும்பத் திரும்பக் கொடுத்தார் என்பது இங்கே பொருந்தாது. அடுத்த வசனத்தில் அவர்கள் கண்கள் திறந்தது அயோரிஸ்ட். கை நீட்டிய அந்தச் செயல் முடியும் முன்பே அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பது போல வாக்கியம் நடக்கிறது. தமிழில் இதற்கென்றே ‘-லானார்’ இருக்கிறது: “அப்பத்தைப் பிட்டு அவர்களிடம் கொடுக்கலானார். அப்போது அவர்கள் கண்கள் திறந்தன.” இந்த வடிவம் இப்போது அருகி வருகிறது, கேட்பவர்களுக்குப் புதிதாகப் பட்டால் ‘கொடுக்கும்போதே’ என்று இரண்டையும் இணைத்துவிடலாம்.

மூன்றாவது இடம்தான் உங்கள் வரைவில் உண்மையாகவே பிசகியிருக்கிறது. மாற்கு 15:23. சிலுவையில் அறையும் முன் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை இயேசுவுக்குக் கொடுக்கிறார்கள்; வினை இம்பெர்ஃபெக்ட், எதிதூன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அயோரிஸ்ட். வாங்கிக்கொள்ளாததைக் கொடுத்ததாக எப்படிச் சொல்வது? இங்கே இம்பெர்ஃபெக்ட் முயற்சியைக் குறிக்கிறது. நீங்கள் ‘கொடுத்துக்கொண்டிருந்தார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டால் அவர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தது போலத் தோன்றும். ‘கொடுத்துப் பார்த்தார்கள்’ என்றோ ‘கொடுக்க முற்பட்டார்கள்’ என்றோ எழுதினால் தமிழ் அந்த வேலையைத் தானே செய்துவிடும். மத்தேயு 27:34ஐ எடுத்து ஒப்பிடுங்கள். அங்கே அயோரிஸ்ட், பானம் அவர் கைக்கு வந்துவிடுகிறது, சுவைத்துப் பார்த்த பிறகுதான் குடிக்க மறுக்கிறார். இரண்டு இடத்திலும் வினைவடிவமும் கதையும் சேர்ந்தே நடக்கின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பு மாற்குவிலும் ‘கொடுத்தார்கள்’ என்றே விட்டிருப்பதால் இந்த வேறுபாடு தமிழ் வாசகருக்குத் தெரிவதில்லை.

அதே அதிகாரத்தின் 6ஆம் வசனத்தில் பிலாத்து பண்டிகைதோறும் ஒரு கைதியை விடுவித்தது வழக்கம். உங்கள் நண்பர்களின் ‘திதேன்’ போன்ற வடிவத்துக்கு உரிய இடம் அதுதான். “பண்டிகைதோறும் மக்கள் கேட்கும் ஒரு கைதியை ஆளுநர் விடுவிப்பார்” என்று நம் எதிர்கால வடிவத்தைத் தயங்காமல் எழுதலாம். தமிழ்க் காது அதை இறந்தகாலத்து வழக்கமாகவே எடுத்துக்கொள்ளும்.

இழுவை வந்ததற்கு இன்னொரு காரணமும் உங்கள் தாளில் தெரிகிறது. மாற்கு ‘சொன்னார்’ என்பதற்கு அடிக்கடி இம்பெர்ஃபெக்டைப் பயன்படுத்துகிறார். அது பேச்சைத் தொடங்கிவைக்கும் வழக்கமான வாய்பாடு. அங்கெல்லாம் ‘சொல்லிக்கொண்டிருந்தார்’ போட்டிருக்கிறீர்கள். அவற்றை ‘சொன்னார்’ என்றே மாற்றுங்கள். ‘இரு’ என்ற வினைக்குக் கிரேக்கத்தில் அயோரிஸ்டே கிடையாது. அங்கே எழுத்தாளருக்குத் தேர்வு இல்லை, ஆகவே நீங்களும் எதையும் தேட வேண்டாம். இரண்டு வடிவமும் எழுதக் கூடிய இடத்தில் ஒன்றை விட்டு மற்றதை எழுதியிருந்தால்தான் நின்று யோசிக்க வேண்டும்.

அடுத்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் திருத்த நேரம் இல்லையென்றால், பெரிய வெள்ளி வாசிப்புக்கு முன்னால் 15:23ஐயாவது மாற்றிவிடுங்கள். மற்றவை நடையைக் கெடுக்கின்றன. அது பொருளைக் கெடுக்கிறது.