நெட் நின்றால்: டேட்டா தீர்ந்ததா, டவர் போச்சா?

"டவர் இல்ல, நெட் வரல" என்று சொல்லி இரண்டு தடவை போனை அணைத்துப் போடுகிறோம், சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறோம். பல நாள் டவருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. அன்றைக்கான ஒன்றரை ஜிபியோ 2 ஜிபியோ தீர்ந்திருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சில வழிகள்:

1. முதலில் சாதாரண போன் கால் போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப் கால் வேண்டாம், அது டேட்டாவில் போவது. நம்பரை அழுத்திப் பேசும் கால் 4ஜி வழியாகவே போனாலும் தினசரி டேட்டா கணக்கில் சேராது. ஆகவே கோட்டா தீர்ந்த போனிலும் அது தெளிவாகப் பேசும். சிக்னல் கோடுகள் நிறைய இருக்கின்றன, கால் போகிறது, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் கோட்டா மேல்தான். காலும் போகவில்லை, மேலே No service என்றோ Emergency calls only என்றோ வருகிறது என்றால் கோளாறு டவரிலோ சிம்மிலோ இருக்கிறது. கால் போகாமல் "ரீசார்ஜ் செய்யவும்" என்று பதிவுக் குரல் கேட்டால், பேக்கின் வேலிடிட்டியே முடிந்துவிட்டது என்று பொருள். அப்போது நெட் மெதுவாகாது, ஒரேயடியாக நின்றுவிடும்.

2. வேகம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். தினசரி அளவு தீர்ந்ததும் பெரும்பாலான பேக்குகளில் நெட்டை நிறுத்துவதில்லை, 64 kbps வேகத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். பிஎஸ்என்எல் பேக்குகள் பலவற்றில் 40 kbps. 64 kbps என்றால் நொடிக்கு 8 கேபி. வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி கொஞ்சம் தாமதித்துப் போய்விடும். 200 கேபி போட்டோ வந்து தெளிய அரை நிமிடம் ஆகும். வீடியோ ஓடவே ஓடாது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் நெட்வொர்க் வேகத்தை மேல்பட்டையில் காட்டும் வசதி செட்டிங்ஸில் உண்டு, அதைப் போட்டு வையுங்கள். எந்த அறையில் நின்றாலும், எத்தனை நிமிடம் காத்திருந்தாலும் எண் 8 கேபியைத் தாண்டாமல் ஒரே மட்டத்தில் கிடந்தால் அது கோட்டா. டவரில் நெரிசல் என்றால் வேகம் இப்படி ஒரே மட்டத்தில் நிற்காது. ஒரு நொடி 300 கேபி, அடுத்த நொடி பூஜ்யம், பிறகு 40 என்று துள்ளும். மாடிக்குப் போனால் மாறும், விடியற்காலையில் சரியாகிவிடும்.

3. மிச்சத்தைக் கம்பெனியிடமே கேளுங்கள். டேட்டா பெரும்பகுதி தீர்ந்ததும் எஸ்எம்எஸ் வரும், முழுதும் தீர்ந்ததும் இன்னொன்று வரும். விளம்பரச் செய்திகளுக்கு நடுவே அதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். கம்பெனி ஆப் அந்த மெதுவான வேகத்தில் திறக்க மறுத்தால், நெட்டே தேவைப்படாத வழி இருக்கிறது: ஏர்டெல்லில் *121#, வி-யில் *199# டயல் செய்யலாம். ஜியோவில் 1299-க்கு அழைத்தால் அதுவே துண்டித்துக்கொண்டு எஸ்எம்எஸ்ஸில் விவரம் அனுப்பும். போனின் செட்டிங்ஸில் தெரியும் டேட்டா கணக்கை இதற்கு நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் மாதக் கணக்காக ஓடுவது, கம்பெனி கணக்கோடு ஒத்துப்போகாது.

4. 5ஜி வீட்டில் ஒரு மயக்கம் வரும், இதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஜியோவிலும் ஏர்டெல்லிலும் நாளுக்கு 2 ஜிபி, அதற்கு மேல் உள்ள பல பேக்குகளில் 5ஜி டேட்டாவுக்கு அளவில்லை. அந்த 2 ஜிபி 4ஜிக்கு மட்டும். முன்ஹாலில் ஜன்னலோரம் போன் 5ஜியைப் பிடிக்கும். உள்ளே சமையலறைக்கு வந்ததும் சுவர்கள் மறைக்க, தானாக 4ஜிக்கு இறங்கிவிடும். காலையிலிருந்து சமையலறையில் பாட்டும் சமையல் வீடியோவும் ஓடினால், 5ஜி சந்தா என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, 4ஜியின் 2 ஜிபி சத்தமில்லாமல் கரைகிறது. மதியத்துக்கு மேல் ஹாலில் நெட் பறக்கும், சமையலறையில் செத்துக் கிடக்கும். பார்த்தால் அச்சு அசலாக சிக்னல் கோளாறு மாதிரியே இருக்கும். சமையலறையில் நின்று மேல்பட்டையைப் பாருங்கள்: 4ஜி என்று காட்டி, கோடுகளும் மூன்று நான்கு நின்று, வேகம் மட்டும் 8 கேபி என்றால் அது சுவரின் குற்றம் இல்லை. நள்ளிரவு தாண்டியதும் அதே இடத்தில் ஓடும்.

5. எங்கே போனது என்று தேடும்போது ஹாட்ஸ்பாட்டை முதலில் பாருங்கள். அப்பாவின் போனில் 2 ஜிபி, 4ஜி மட்டும். மதியம் அதிலிருந்து டிவிக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்து ஒரு மணி நேரம் படம் பார்த்தார்கள் என்று வையுங்கள். டிவி தானாக 1080p எடுத்துக்கொள்ளும், அது மணிக்குச் சுமார் ஒன்றரை முதல் 2 ஜிபி. மாலை ஏழு மணிக்குப் பிள்ளை அதே போனில் டியூஷன் வகுப்பில் நுழைந்தால் முகங்கள் உறைந்து நிற்கும். வகுப்பு நடத்தும் ஆப்பையோ ஆசிரியரின் நெட்டையோ குறை சொல்லிப் பயனில்லை. டிவியில் தரத்தை 480p-க்கு இறக்கி வைத்தால் மணிக்கு அரை ஜிபி அளவில் முடியும். இன்னொரு விஷயம்: ஹாட்ஸ்பாட்டில் இணைந்த இரண்டாவது போன் அதை வைஃபை என்றே எண்ணிக்கொள்ளும். "வைஃபையில் மட்டும்" என்று வைத்திருந்த ஆப் அப்டேட்டும் போட்டோ பேக்கப்பும் உடனே கிளம்பிவிடும். அந்தப் போனின் வைஃபை செட்டிங்ஸில் இந்த இணைப்பை Metered என்று மாற்றி வையுங்கள்.

6. பூஸ்டர் வாங்கும் முன் மணியைப் பாருங்கள். தினசரி கோட்டா இரவு 12 மணிக்குப் புதுப்பிக்கப்படும். ஒரு நாள் பூஸ்டர்கள் சில அன்று நள்ளிரவோடு முடிந்துவிடுகின்றன, பதினொன்றரைக்கு வாங்கினால் அரை மணி நேரத்துக்குத்தான் காசு. 12 தாண்டியும், அல்லது பூஸ்டர் போட்ட பிறகும், வேகம் வராவிட்டால் ஏரோப்ளேன் மோடைப் போட்டு அரை நிமிடம் கழித்து எடுங்கள். பழைய இணைப்பு அறுந்து புதிதாகத் தொடங்கினால்தான் சில சமயம் புதுக் கோட்டா ஏறும். அதற்குள் பதறி இரண்டாவது பூஸ்டர் வாங்கிவிடாதீர்கள்.

7. போனே பூட்டு போட்டிருக்கலாம். டேட்டா சேவர், டேட்டா லிமிட் இரண்டையும் பாருங்கள். இரண்டு சிம் போனில் டேட்டா பேக் இல்லாத சிம்முக்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

8. கோட்டா மிச்சமிருக்கிறது, செட்டிங்ஸும் சரி என்றால், அதே கம்பெனி சிம் உள்ள இன்னொரு போனை அதே இடத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டும் திணறினால் கோளாறு டவர் பக்கம். 198-க்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில், கால் போகிறதா இல்லையா என்று சொன்னால்தான் புகார் சரியான ஆளிடம் போகும். டிராயின் 2024ஆம் ஆண்டு விதிமுறைப்படி, மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் ப்ரீபெய்டு வாடிக்கையாளர்களின் வேலிடிட்டியைக் கம்பெனி நீட்டித்துத் தர வேண்டும். ஒரு தெருவில் மட்டும் சிக்னல் போனதற்கு இது பொருந்தாது, அங்கே புகார் எண்தான் கையில் இருக்கும் ஒரே பிடி.