வெள்ளம் வடிந்த பிறகு

2021 டிசம்பர் மாதம் 17, 18ஆம் நாள்களில் தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் இடைவிடாது மழை கொட்டியது. சிலாங்கூர் மாநிலம் பெரிதும் பாதிக்கப்பட்டது. ஷா ஆலாமில், கிள்ளான் ஆற்றுக்கு அருகே தாழ்வான நிலத்தில் அமைந்துள்ள தாமான் ஸ்ரீ மூடா என்னும் குடியிருப்பில் வெள்ளம் வீடுகளை மூழ்கடித்தது. மக்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் தஞ்சம் புகுந்தனர். படகுகள் வந்து அவர்களை மீட்டன. சில நாள்களுக்குப் பின் நீர் வடிந்தபோது, வீட்டுக்குத் திரும்பியவர்களை வரவேற்றது சேறுதான். நனைந்த மெத்தைகளும் நாற்காலிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் சாலையோரங்களில் மலைபோல் குவிந்தன.

இப்படிப்பட்ட நேரத்தில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் பலர் திகைத்து நிற்பர். துப்புரவுப் பணிக்கு ஒரு வரிசை உண்டு. அது மாறினால் உழைப்பு வீணாகும். சில வேளைகளில் உயிருக்கும் ஆபத்து நேரும். வெள்ளம் இடுப்பளவு ஏறி இறங்கிய, மாடியில்லாத வரிசை வீடு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வரிசையைக் காண்போம்.

வாசலில் நின்று பார்த்தல்

முதல் வேலை வீட்டுக்கு வெளியே உள்ளது. வாசலில் மரம் சாய்ந்து கிடந்தால், அதன் கிளைகளுக்கிடையே மின்கம்பி சிக்கியுள்ளதா என்று தள்ளி நின்று கவனிக்க வேண்டும். கம்பி தென்பட்டால் யாரும் அருகில் செல்லக்கூடாது. 999 எண்ணில் அழைத்துத் தகவல் தெரிவிக்க வேண்டும். கம்பி இல்லாவிட்டாலும் பெரிய மரத்தை வெட்டுவது பயிற்சி பெற்றவர்களின் வேலையாகும். மரம் விழும்போது அடியில் சிக்கிய கிளைகள் வில்லைப் போல வளைந்து நிற்கும். அவற்றை வெட்டிய நொடியில் அவை விசையுடன் நிமிர்ந்து, வெட்டுபவரையே தாக்கும்.

வீட்டினுள் தண்ணீர் தேங்கியிருந்தால், அதில் நின்றபடி மின்விசையைத் தொடக்கூடாது. சுவருக்குள் இருக்கும் கம்பிகளும் நனைந்திருக்கும். ஆகவே, மின்பணியாளர் சோதித்துச் சொல்லும்வரை விளக்கையோ மின்விசிறியையோ இயக்கக்கூடாது.

சேறு ஈரமாக இருக்கும்போதே

அடுத்தது சேறு. எடுத்துக்காட்டு வீட்டின் தரைப்பரப்பு 80 சதுர மீட்டர் என்றும், சேற்றின் உயரம் 5 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். கணக்கிட்டால் 4 கன மீட்டர் சேறு. அதன் எடை ஏறத்தாழ 6 டன். 60 லிட்டர் கொள்ளும் தள்ளுவண்டியில் அள்ளினால் 65 நடைக்கு மேல் ஆகும். கணுக்காலைக்கூட எட்டாத சேறு இவ்வளவு கனமா என்று வியப்பு எழலாம். ஒரு குடும்பம் தனியாகச் செய்ய முடியாத இவ்வேலையை அண்டை வீட்டார் சேர்ந்து ஒவ்வொரு வீடாக முடிப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

சேற்றை ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும். ஆற்றுச் சேற்றில் களிமண் மிகுதி. காய்ந்துவிட்டால் அது தரையோடு இறுகிப்போகும். சுரண்டும்போது தூசியாகப் பறந்து மூச்சில் கலக்கும். சேறு காயத் தொடங்கினால் சிறிது நீர் தெளித்து இளக்கிக்கொள்ளலாம். அள்ளிய சேற்றை வீட்டு வாசலில் உள்ள கால்வாயில் தள்ளுவது பலர் செய்யும் தவறு. கால்வாய் அடைத்துக்கொண்டால், அடுத்த மழையில் அதே தெருவில் மீண்டும் நீர் ஏறும். ஆகவே, கால்வாயை விட்டுத் தள்ளி, மண்வாரி இயந்திரம் எட்டும் இடத்தில் அதனைக் குவிக்க வேண்டும்.

வைப்பதும் வீசுவதும்

சேற்றை அள்ளும்போதே பொருள்களையும் பிரிக்கலாம். நீரை உறிஞ்சாத பொருள்களைக் கழுவி வைத்துக்கொள்ளலாம். பீங்கான், கண்ணாடி, உலோகப் பாத்திரங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த நாற்காலி போன்றவை கழிவுநீர் கலந்த வெள்ளத்தை உள்வரை உறிஞ்சியிருக்கும். வெயிலில் காய்ந்தாலும் அவற்றின் உட்பகுதி தூய்மையாகாது. அவற்றை வீசுவதே நல்லது.

உணவைப் பொறுத்தவரை, வெள்ளநீர் பட்ட அரிசி, மாவு, காய்கறி அனைத்தையும் வீசிவிட வேண்டும். திருகு மூடி போட்ட புட்டிகளிலும் மூடியின் இடுக்கு வழியே நீர் புகுந்திருக்கும். மின்சாரம் இல்லாமல் 4 மணி நேரத்துக்கு மேல் குளிர்பதனப் பெட்டியில் இருந்த இறைச்சி, மீன், பால், சமைத்த உணவு ஆகியவற்றை உண்ணக்கூடாது. கெட்டுப்போனதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பதும் ஆபத்தே. உப்பாத, துருப்பிடிக்காத, நசுங்காத தகர டின்களை மட்டும் கழுவி, கிருமிநீக்கம் செய்து பயன்படுத்தலாம். பல நாள் மூழ்கிக் கிடந்த குளிர்பதனப் பெட்டியை வீட்டுக்குள் திறக்காமல், கதவை ஒட்டுநாடாவால் இறுகக் கட்டி அப்படியே வெளியேற்றுவது நல்லது.

கழுவிய பிறகே கிருமிநீக்கம்

சிலர் சேற்றின்மேலேயே பிளீச் திரவத்தை ஊற்றுவர். இதனால் பயனில்லை. சேற்றில் உள்ள மட்கிய பொருள்களே பிளீச்சின் ஆற்றலைத் தின்றுவிடும், கிருமிகள் தப்பித்துவிடும். முதலில் சேற்றை நீக்க வேண்டும்; பிறகு சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும்; அதன் பின்னரே பிளீச் கலந்த நீரால் துடைக்க வேண்டும். 20 லிட்டர் நீருக்கு ஒரு குவளை, அதாவது ஏறத்தாழ 240 மில்லிலிட்டர் பிளீச் போதும். சன்னல்களைத் திறந்து வைத்து இதனைச் செய்ய வேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சைக் கலந்தால் நச்சு வாயு உண்டாகும். துடைத்தபின் சன்னல்களைத் திறந்தே வைத்து வீட்டை உலர்த்த வேண்டும். ஈரம் ஓரிரு நாள் நீடித்தாலே சுவரில் பூஞ்சை படரத் தொடங்கும்.

பணி முடிந்தும் முடியாதது

வீடு தூய்மையானதும் பணி முடிந்ததாகத் தோன்றும். ஆயினும், எலிச்சிறுநீர் நோயைப் பற்றிய கவனம் அதற்குப் பிறகும் தேவை. இந்நோயின் கிருமிகள் எலியின் சிறுநீர் வழியே நீரிலும் சேற்றிலும் கலக்கின்றன. ஈரமண்ணில் அவை பல வாரங்கள் உயிரோடிருக்கும். காலில் உள்ள சிறு கீறல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியே அவை உடலுக்குள் நுழையும். இதனால்தான் துப்புரவுப் பணியில் இரப்பர்க் காலணியும் கையுறையும் அணிய வேண்டும். காயத்தை நீர் புகாத கட்டால் மூட வேண்டும். காயம் பெரிதாக இருப்பவர் சேற்றில் இறங்காமல் வேறு வேலையைப் பார்க்கலாம்.

கிருமி நுழைந்த அன்றே நோய் வெளிப்படாது. பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள், சிலருக்கு ஒரு மாதம் வரை கழித்து, காய்ச்சலும் தலைவலியும் கெண்டைக்கால் தசைகளில் கடும் வலியும் தோன்றும், கண்கள் சிவக்கும். அதற்குள் வீடு காய்ந்திருக்கும், பள்ளி திறந்திருக்கும், சேற்றில் நின்றதையே பலர் மறந்திருப்பர். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தால் நோய் முற்றிச் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் குணப்படுத்தலாம்.

எனவே, வெள்ளத் துப்புரவில் ஈடுபட்டவருக்கு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும். அப்போது, "நான் வெள்ளச் சேற்றில் வேலை செய்தேன், அது நடந்து இத்தனை நாள் ஆகிறது" என்று அவரே முன்வந்து கூற வேண்டும். எந்தச் சோதனையை முதலில் செய்வது என்பதை மருத்துவர் முடிவுசெய்ய அந்த ஒரு வாக்கியம் உதவும்.