சராசரி ஆயுளும் ஓய்வுக்காலச் சேமிப்பும்
(இளம் அறிவியல், கணிதம், இரண்டாமாண்டு)

நம் நாட்டில் சராசரி ஆயுள் ஏறத்தாழ 70 ஆண்டுகள் என்பர். ஆகவே 60 வயதில் ஓய்வு பெறுபவர் பத்தாண்டுகளுக்குப் பணம் வைத்திருந்தால் போதும் என்று எண்ணுவது தவறாகும். குழந்தைப் பருவத்திலும் நடுவயதிலும் இறந்தோரையும் சேர்த்துக் கண்ட சராசரி அது. 60 வயதை எட்டிவிட்டவர், சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள் வாழ்கிறார். அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் அதனையும் தாண்டுவர். கைப்பணம் தீர்ந்த பின்னும் ஆயுள் தொடரும் இந்நிலையையே ‘நீள் ஆயுள் இடர்’ என்கிறோம்.

ஒரு கணக்கைக் காண்போம். மாத ஓய்வூதியம் இல்லாத தொழிலாளி ஒருவர், 60 வயதில் ரூ. 24 இலட்சத்துடன் ஓய்வு பெறுகிறார். வட்டியும் விலைவாசி உயர்வும் சமம் எனக் கொண்டால், வெறும் வகுத்தலே போதுமானது. 18 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் மாதம் ஏறத்தாழ ரூ. 11,100 கிடைக்கும், ஆனால் 78 வயதில் கை வெறுமையாகிவிடும். 90 வயது வரை வரவேண்டுமெனில் மாதம் ரூ. 6,670 மட்டுமே செலவிடலாம். முன்னதாக இறந்தாலோ, அரைவயிறு உண்டு மிச்சம் பிடித்த பணம் அவருக்குப் பயன்படாமல் போகும்.

இவரைப் போன்ற பத்துப்பேர் தம் பணத்தை ஒன்றாகச் சேர்ப்பதாகக் கொள்வோம். மூவர் 10 ஆண்டுகளும், நால்வர் 18 ஆண்டுகளும், மூவர் 26 ஆண்டுகளும் வாழ்கின்றனர். மொத்தம் 180 ஆண்டுகள். ரூ. 240 இலட்சத்தை 180ஆல் வகுத்தால், ஒவ்வொருவருக்கும் உயிருள்ளவரை மாதம் அதே ரூ. 11,100 கிடைக்கிறது! முன்னரே இறந்தோர் விட்டுச்சென்ற பங்கு, நெடுநாள் வாழ்வோரைத் தாங்குகிறது. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் ‘ஆனுவிட்டி’ திட்டத்தின் அடிப்படை இதுவே. நிறுவனத்தின் செலவும் இலாபமும் போக, தொகை சற்றுக் குறையும்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, இறந்தபின் முதலை வாரிசுக்குத் திருப்பித் தரும் வகையில் மாதத்தொகை குறைவு; ஏனெனில், அந்த முதல் பிறரைத் தாங்கப் பயன்படுவதில்லை. இரண்டாவது, ஒருவர் ஆயுளுக்கு மட்டும் வாங்கினால், கணவன் மறைந்த அன்றே மனைவியின் வருவாயும் நின்றுவிடும். பெண்களே மிகுதியும் நெடுநாள் வாழ்வதால், இருவர் ஆயுளுக்கும் சேர்த்து வாங்குவதே தக்கது. மூன்றாவது, பெரும்பாலான திட்டங்களில் தொகை மாறுவதில்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால், 12 ஆண்டுகளில் அதன் மதிப்புப் பாதியாகிவிடும்.

ஆகவே அரிசி, மருந்து, வாடகை ஆகிய தவிர்க்கவியலாத செலவுக்கு மட்டும் ஆனுவிட்டி வாங்கி, எஞ்சியதைப் பிற்கால விலையேற்றத்திற்கென வட்டியில் வளர விடுவது நன்று. எத்தனை ஆண்டுகள் வாழ்வோம் என்பதைத் தனியொருவர் கணக்கிட இயலாது. பலர் கூடினால் அதனைக் கணக்கிட இயலும்.