வெள்ளமா, தண்ணீரா?

கேரளத்தின் கழக்கூட்டம் டெக்னோபார்க் பக்கத்துச் சேவை மையம் ஒன்றுக்கு வரும் அழைப்பு இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சாலைக் கடைவீதியில் கடை வைத்திருக்கும் தமிழர் ஒருவர் வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று தமிழில் தொடங்குகிறார். பாதியில் மலையாளியான மருமகள் போனை வாங்கி, 'உள்ளில் வெள்ளம் கேறி' என்கிறார். மாடல் எண்ணும் வாரண்டியும் ஆங்கிலத்தில் பேசப்படுகின்றன. ஏழு நிமிடத்தில் அழைப்பு முடிகிறது. அழைப்பின் சுருக்கத்தை எந்த மொழியில் எழுதுவது?

அதிக நேரம் பேசப்பட்ட மொழியில் எழுதுவதுதான் பலரின் பழக்கம். அது தவறு என்பது என் கருத்து. சுருக்கத்தைப் படித்து அடுத்த வேலையைச் செய்யப்போகிறவர் யார் என்று பாருங்கள். இங்கே முதலில் படிப்பவர் வீட்டுக்குப் போகும் மெக்கானிக். வாரண்டியை முடிவுசெய்யும் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருந்தால், அங்கே மலையாளமோ தமிழோ தெரியாதவர் படிக்கக்கூடும். இருவருக்கும் பொதுவான மொழி ஆங்கிலம் என்றால் ஆங்கிலம்தான்.

மொழியை மாற்றும்போதுதான் ஆபத்து. மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் வெறும் தண்ணீர். மழைவெள்ளத்துக்கு அவர்கள் சொல்வது வெள்ளப்பொக்கம். தமிழ்க் காதோடு கேட்டவர் 'ஃப்ளட்' என்று எழுதிவிட்டால், உள்ளே குழாய் கசிந்த பழுதும் இயற்கைச் சேதமாகிவிடும். இயற்கைச் சேதத்தைப் பல வாரண்டிகள் ஏற்பதில்லை. ஆகவே முடிவைத் தீர்மானிக்கும் சொல்லை மட்டும் பேசியவரின் மொழியிலேயே மேற்கோளில் வைத்து, பக்கத்தில் பொருளை எழுதுங்கள்: 'வெள்ளம் கேறி', அதாவது தண்ணீர் உள்ளே புகுந்தது, எங்கிருந்து என்று சொல்லவில்லை. அழைப்பு முடியுமுன் 'குழாயிலிருந்தா, மழையிலா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இன்னும் நல்லது.

நாள் குறிப்பதிலும் இதே சிக்கல். 'மற்றந்நாள் வரணும்' என்று அந்தப் பெண் சொன்னால் அது நாளை மறுநாள். தமிழ் 'மறுநாள்' போலக் கேட்டு, நாளைக்கே மெக்கானிக்கை அனுப்பினால் பூட்டிய வீட்டைத்தான் பார்ப்பார். சுருக்கத்தில் தேதியை எண்ணில் எழுதி, அழைப்பிலேயே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிடுங்கள்.

மூன்று மொழியிலும் முழுச் சுருக்கம் எழுதும் ஆசை வேண்டாம். ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் பழையதாகவே நிற்கும். மூலப் பதிவு ஒன்றே இருக்கட்டும். வாடிக்கையாளருக்குப் போகும் இரண்டு வரிச் செய்தியை மட்டும் அவர் படிக்கும் மொழியில் அனுப்பலாம். கடைக்காரருக்குத் தமிழா, மருமகளுக்கு மலையாளமா என்பதை ஊகிக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்; மலையாளம் சரளமாகப் பேசுகிற பல தமிழர்களுக்கு அதன் எழுத்து வாசிக்க வராது.

அரசு அலுவலகம் என்றால் கணக்கு வேறு. கேரளத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதிப் பதில் பெற ஆட்சிமொழிச் சட்டத்தில் இடம் உண்டு. அங்கே உள்பதிவு மலையாளத்தில் இருந்தாலும், தமிழில் மனு கொடுத்தவருக்குப் போகும் பதில் தமிழில் இருக்க வேண்டும்.