வித்தியாசம் தெரியவில்லை என்றால் இரண்டும் சமமா?

நம்பிக்கை: சோதனையில் வித்தியாசம் தெரியாவிட்டால் ஜெனரிக் மாத்திரையும் பிராண்டு மாத்திரையும் சமம்.

உண்மை: முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரியில் வந்தபின், ஜெனரிக் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. ஆய்வு அட்டவணை ஒன்றின் படம் உங்கள் கைபேசிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 பேர் இரண்டு மாத்திரைகளையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள். ரத்தத்தில் சேர்ந்த மருந்தளவில் ஜெனரிக், பிராண்டின் 95%. ஒரே ஆளுக்குள் ஏற்படும் மாறுபாடு 40%. கீழே p = 0.75, ‘வித்தியாசமில்லை’ என்றிருக்கிறது.

இதை ஏற்கக் கூடாது. ஆட்கள் குறைந்து மாறுபாடு கூடினால், பெரிய வித்தியாசமும் கண்ணில் படாது. அதனால் சமநிலைச் சோதனை கேள்வியையே புரட்டுகிறது: இரண்டும் சமமில்லை என்று தொடங்கி, அதைத் தரவு முறியடிக்க வேண்டும். ஜெனரிக் 80 சதவீதத்துக்குக் கீழே இல்லை என ஒரு சோதனை, 125 சதவீதத்துக்கு மேலே இல்லை என இன்னொன்று. இரண்டிலும் தேற வேண்டும். 1987-இல் ஷூயர்மன் விளக்கிய இந்த முறையே இன்றும் வழக்கம்.

படத்தில் உள்ள எண்களை மடக்கையில் போட்டால் திட்டப் பிழை 0.157. கீழ் எல்லைக்கு t 1.09, மேல் எல்லைக்கு 1.74, இரண்டும் 1.81-ஐத் தாண்ட வேண்டும், தாண்டவில்லை. 90% நம்பிக்கை இடைவெளியாகச் சொன்னால் 71.4 முதல் 126.3 வரை. மாத்திரை மோசம் என்று இதற்குப் பொருளில்லை. சமம் என்று காட்ட இந்த ஆய்வு போதவில்லை. 24 பேர், மாறுபாடு 22% என்றிருந்தால் அதே 95%, 85.3 முதல் 105.8 வரை நின்று தேறியிருக்கும்.

நம்பிக்கை: 80 முதல் 125 என்றால் மாத்திரையில் மருந்து 20% குறையலாம்.

உண்மை: அது மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவு அல்ல. ரத்தத்தில் சேரும் அளவின் விகிதத்துக்கு, இடைவெளி முழுவதும் அடங்க வேண்டிய எல்லை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 1996 முதல் 2007 வரையான 2,070 ஆய்வுகளைத் தொகுத்தபோது, மொத்த அளவில் சராசரி வித்தியாசம் சுமார் 3.6% மட்டுமே.

நம்பிக்கை: படத்திலுள்ள எண்களை அப்படியே கணக்கில் போடலாம்.

உண்மை: மங்கலான படத்தில் 8-உம் 9-உம் எளிதில் மாறும். இடைவெளியின் இரு முனைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்; அச்சிட்ட விகிதம் வர வேண்டும். 85.3, 105.8 தருவது 95. அதையே 95.3 என்று படித்தால் 100.4 வந்து பிழை வெளிப்படும். இதைவிடப் பெரிய ஆபத்து, ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனியே தரும் திட்ட விலக்கம். அதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடும் கலந்திருக்கிறது. அதை வைத்து மேற்கண்ட இடைவெளியைக் கணக்கிட முடியாது; ஒரே ஆளுக்குள்ளான மாறுபாடோ 90% இடைவெளியோ படத்தில் இல்லையென்றால், முழு அறிக்கையைக் கேட்டு வாங்குவதே வழி.