உயிலில் எழுத, வீடு முழுவதும் உங்களுடையதா?

கேள்வி: எனக்கு 72 வயது. ஓய்வு பெற்ற ஆசிரியை. குழந்தைகள் இல்லை. கணவர் 2008-இல் காலமானார். கும்பகோணத்தில் நான் குடியிருக்கும் வீடு, 1987-இல் அவர் தம் சம்பளத்தில் தம் பெயரில் வாங்கியது. அவர் உயில் எதுவும் எழுதவில்லை. மாமனார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். மாமியார் கடைசிவரை எங்களோடு இருந்து 2013-இல் இறந்தார். பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் இப்போது என் பெயரில்தான் உள்ளன. கணவருக்கு ஒரு தம்பியும் ஒரு தங்கையும் இருக்கிறார்கள்.

என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதிலிருந்து எல்லாம் பார்த்துக்கொள்வது என் அண்ணன் மகன்தான். வீட்டை அவனுக்கு எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். என் சம்பளத்தில் சேர்த்து வங்கியில் எஃப்.டி.யாகப் போட்ட 9 லட்சத்தில் 5 லட்சம் ஓர் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குப் போக வேண்டும். அந்த எஃப்.டி.க்குப் பல வருடங்களுக்கு முன்பு கொழுந்தனாரை நாமினியாகப் போட்டேன். "எங்க அண்ணன் வீட்டை உங்க பிறந்த வீட்டுக்கு எழுத உங்களுக்கு உரிமை இல்லை" என்கிறார் நாத்தனார். அது உண்மையா? உயிலைப் பத்திரத்தாளில்தான் எழுத வேண்டுமா? வக்கீலைத் தானே அழைத்து வருவதாக அண்ணன் மகன் சொல்கிறான்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

வழக்கறிஞர் பதில்: உங்கள் நாத்தனார் சொல்லும் காரணம் தவறு அம்மா. ஆனால் அந்த வீட்டில் அவருக்குப் பங்கு இருக்க வாய்ப்பு உண்டு. உயிலைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கணவரிடமிருந்து மனைவிக்கு வந்த சொத்து அவளுக்கு முழு உரிமையான சொத்து. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 30-ஆம் பிரிவின்படி அதை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். பிறந்த வீட்டுக்கு எழுதக் கூடாது என்று எந்தத் தடையும் இல்லை.

உங்களுக்கு வந்தது வீட்டில் எவ்வளவு என்பதில்தான் சிக்கல். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து முதலில் முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயும் அந்த வகுப்பில் வருகிறார். 2008-இல் உங்கள் மாமியார் உயிரோடு இருந்ததால், அன்றே வீட்டில் பாதி உங்களுக்கும் பாதி அவருக்கும் சேர்ந்துவிட்டது. 2013-இல் அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவருடைய பாதி அவர் பிள்ளைகளுக்குப் போயிருக்கும். தாய்க்கு முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் மருமகளுக்குக் கிடையாது. அப்படிப் பார்த்தால் இன்று வீட்டில் பாதி உங்களுடையது, கால் பங்கு கொழுந்தனாருடையது, கால் பங்கு நாத்தனாருடையது.

பட்டாவும் வரி ரசீதும் இந்தக் கணக்கை மாற்றாது. இத்தனை வருடம் நீங்கள் மட்டும் குடியிருந்ததாலும் மற்றவர்கள் பங்கு போய்விடாது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் வீட்டை வைத்திருந்தால், எல்லோருக்காகவும் வைத்திருப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

எனவே முதல் வேலையாக சார்பதிவாளர் அலுவலகத்தில் 2008 முதல் இன்றுவரைக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மாமியார் தம் பாதியை உங்களுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிக்கொடுத்திருந்தால் அது அதில் தெரியும். உயில் வில்லங்கத்தில் வராது. அவர் உயில் எழுதிப் பதிவு செய்திருந்தால் அதன் நகலைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கொழுந்தனாரிடமும் நாத்தனாரிடமும் பேசி, பணம் கொடுத்தோ கொடுக்காமலோ விடுதலைப் பத்திரம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். "எங்களுக்கு எதுவும் வேண்டாம் அண்ணி" என்று வாயால் சொன்னது பத்திரம் ஆகாது. அவர்கள் மறுத்தால் உங்கள் பாதியை மட்டுமே உயிலில் எழுத முடியும். அப்போது உங்கள் அண்ணன் மகன் கையில் வீட்டோடு ஒரு பாகப்பிரிவினை வழக்கும் வந்து சேரலாம் என்பதை அவனுக்கு இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அவர்கள் மனது மாற நாளாகும் என்று உயிலைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டின் நான்கு எல்லை, சர்வே எண், கதவு எண்ணைக் குறித்துவிட்டு, "மேற்படி வீட்டில் என் மறைவின்போது எனக்குள்ள உரிமை முழுவதும்" என்று எழுதுங்கள். உயில் பேசுவது உங்கள் மறைவு நாளில் இருக்கும் சொத்தைப் பற்றித்தான். இடையில் விடுதலைப் பத்திரம் கிடைத்துவிட்டால், அந்தப் பாதியும் இதே வரியில் அடங்கிவிடும்.

உயிலில் ஏதாவது ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தால் அந்தச் சொத்து யாருக்குப் போகும் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். பிள்ளை இல்லாத இந்துப் பெண்ணுக்குக் கணவரிடமிருந்து வந்த சொத்து, உயில் இல்லாவிட்டால் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. அவள் தானே சம்பாதித்ததும், கணவர் இல்லாத நிலையில், அவர்களுக்கேதான் போகிறது. திருமணமான சில மாதங்களில் கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் வெளியேற்றப்பட்டு, பெற்றோர் ஆதரவில் படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பைக்கூட, கணவர் வழி வாரிசுகளுக்கே உச்ச நீதிமன்றம் 2009-இல் கொடுத்தது. போட்டிக்கு நின்றவர் அந்தப் பெண்ணின் தாய்.

அத்தகைய ஓட்டை இரண்டு இடங்களில் வரலாம். உங்கள் அண்ணன் மகன் உங்களுக்கு முன்பே இறந்துவிட்டால், அவனுக்கு எழுதியது அவனோடு காலாவதியாகிவிடும். தானாக அவன் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ போகாது. எழுதியவரின் சொந்தப் பிள்ளை, பேரப்பிள்ளைகளுக்குச் சட்டம் தரும் விதிவிலக்கு அண்ணன் மகனுக்குப் பொருந்தாது. எனவே "அவர் எனக்கு முன்பு இறந்தால் அவருடைய பிள்ளைகளுக்குச் சம பங்காக" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த ஓட்டை, 5 லட்சம் போக மிஞ்சும் 4 லட்சம். நகை, பாத்திரம், வரவேண்டிய ஓய்வூதியப் பாக்கி என்று நீங்கள் பட்டியலில் எழுத மறப்பவையும் இதில் சேரும். "மேலே சொன்னவை போக எஞ்சிய என் அனைத்துச் சொத்தும்" இன்னாருக்கு என்ற வரி இல்லாவிட்டால், அவ்வளவும் கணவர் வழிக்குத் திரும்பும்.

இனி இல்லத்துக்கான பணம். எஃப்.டி. ரசீது எண்ணைக் குறிப்பிட்டு "இதை இல்லத்துக்குக் கொடுக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். முதிர்வடைந்த பணத்தை எடுத்து நீங்கள் வேறு எதற்காவது செலவழித்துவிட்டால் எழுதிய பொருளே இல்லாமல் போகும். இல்லத்துக்குக் கேட்க எதுவும் இருக்காது. "என் பெயரில் எந்த வங்கியில் எந்த வகையில் இருக்கும் பணத்திலிருந்தும் ரூபாய் 5 லட்சம்" என்று எழுதினால் அந்தச் சிக்கல் வராது.

கடைசிக் காலச் செலவையும் நினைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரி பில்லுக்கே 5 லட்சம் போய், கையில் 4 லட்சம்தான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈமச் சடங்குச் செலவும் கடனும் முதலில் கழியும். பிறகு இருப்பது இல்லத்துக்குப் போகும், 'எஞ்சியது' வாங்க வேண்டியவருக்கு ஒன்றும் இராது. இது சம்மதமானால் தொகையாகவே எழுதலாம். இருவருக்கும் கொஞ்சமாவது போகட்டும் என்றால், "செலவு, கடன் போக மிஞ்சும் பணத்தில் பாதி" என்று பங்காக எழுதுங்கள்.

இல்லத்தின் பதிவு செய்யப்பட்ட பெயர், பதிவு எண், முகவரியை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். அந்த இல்லம் மூடப்பட்டிருந்தால் மாற்றாக எந்த அமைப்பு என்பதையும் சொல்லுங்கள். "தர்மத்துக்கு" என்று பொதுவாக விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பி எழுதிய உயில் தெளிவில்லாதது, செல்லாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1899-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

நாமினி விஷயத்தில் பலரும் குழம்புகிறார்கள். வங்கி பணத்தைக் கொழுந்தனாரிடம்தான் கொடுக்கும். ஆனால் அவர் அதை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, உரிமை உயிலில் சொன்னவர்களுக்குத்தான். அவர் கொடுக்க மறுத்தால் குழந்தைகள் இல்லத்து நிர்வாகம் அவர்மேல் வழக்குப் போட வேண்டும். அந்தச் சங்கடம் எதற்கு? உயிலை நிறைவேற்றி வைக்க நம்பகமான ஒருவரை, உங்களைவிட நன்றாக இளையவராக, நியமியுங்கள். உங்களோடு வேலை பார்த்த ஆசிரியையின் மகளாகக்கூட இருக்கலாம். அவரையே வங்கியில் நாமினியாகவும் மாற்றிவிடுங்கள். அண்ணன் மகனையே நியமிக்கத் தடை இல்லை. ஆனால் 'எஞ்சியது' அவனுக்கு என்று எழுதினால், இல்லத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அவனுக்குக் கூடும். அவனை அந்த நிலையில் நிறுத்தாமல் இருப்பதே மரியாதை.

உயிலுக்குப் பத்திரத்தாள் தேவையில்லை, முத்திரைக் கட்டணமும் இல்லை. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நீங்கள் கையெழுத்திட வேண்டும். அதைப் பார்த்த அவர்கள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். வழக்கு என்று வந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், இளையவர்களாக, வெளியூர் போய்விடாதவர்களாகப் பாருங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் உங்கள் நிலையில் பதிவு செய்துவிடுங்கள். நடக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வரவும் சட்டத்தில் வழி உண்டு. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை பதிவான உயிலின் நகல் உங்களைத் தவிர வேறு யாருக்கும் கிடைக்காது. மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். நீதிமன்றத்தில் புரொபேட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வக்கீலை மட்டும் அண்ணன் மகன் அழைத்து வரக் கூடாது, நீங்களே தேடிப் போங்கள். பெரும்பங்கு பெறுகிறவரே உயில் தயாரிப்பில் முன்நின்றால் அது சந்தேகத்துக்கு இடமளிக்கும் சூழ்நிலை என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லியிருக்கிறது. உயில் உண்மையானது என்று காட்டும் சுமை அப்போது அவன்மேல் கூடும். கையெழுத்துப் போடும் நாளில் அவன் அந்தப் பக்கமே வராமல் இருந்தால், உங்கள் கொழுந்தனார் தரப்பு வக்கீலுக்குக் கேட்பதற்கு ஒரு கேள்வி குறையும்.